அத்தையின் மழை ஓவியத்துக்கான குறிப்பு

அண்ணா, வணக்கம்.

"மழையில் நனைந்த முகம் என்று ஒற்றை வரியில் சொன்னால் எனக்குப் போதாது, மனத்தில் இருப்பதை எழுதி அனுப்பு" என்று சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் சில இடங்களில் பாடம் எடுப்பதுபோல் ஆகியிருக்கலாம். தண்ணீரும் ஒளியும் தப்பாகப் போனால் அத்தையும் அத்தையாக இருக்க மாட்டார் என்ற கவலைதான் காரணம்.

மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவதுதான் மூலப்படம். சித்திரை மாதம், பரமக்குடி வீட்டு வாசலில், மாலை நான்கு மணிக்கு எடுத்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பின்னால் இருக்கும் வேப்பமரம்கூடப் புழுதி படிந்து நிற்கிறது. இரண்டாவது அத்தையின் குடை: கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி, எட்டுக் கம்பி. மூன்றாவது அந்தக் குடையை அவர் பிடித்திருக்கும் கை மட்டும். மூலப்படத்தில் வலக்கை நிலைக்கதவின் மேல் இருக்கிறது; அதை எடுத்துவிட்டு இந்தக் கையை வையுங்கள்.

ஏன் மழை என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் வைகை பெயருக்குத்தான் ஆறு. ஆண்டு முழுவதும் காத்திருந்து, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதைக் கொண்டுதான் கண்மாய் நிறைய வேண்டும். "வந்த மழையைத் தலையில் வாங்காமல் குடை பிடித்தால் அது கோபித்துக்கொண்டு போய்விடும்" என்பார் அத்தை. அதனால் தூறல் விழுந்ததும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்குவார். நன்றாக நனைவார். பிறகுதான் குடையை விரிப்பார். சிறு வயதில் நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று அந்த நொடிக்காகக் காத்திருப்போம். வருகிற ஐப்பசியில் அவருக்கு எழுபது வயது. குடையை விரித்த மறுநொடி எப்படி இருப்பாரோ, அப்படி எனக்கு அவர் வேண்டும்.

முதலில் வெளிச்சம். மூலப்படத்தில் வெயில் நமக்கு இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. மூக்கின் நிழல் மறு கன்னத்தில் கத்தி வைத்துக் கீறியதுபோல் விழுந்திருக்கிறது. அது முழுவதும் போக வேண்டும். மேகம் மூடிய வானத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வரும், நிழலுக்கு விளிம்பு இருக்காது. ஆனால் இங்கே தலைக்கு மேல் கறுப்புக் குடை இருக்கிறது. மேலிருந்து வரும் ஒளியை அது மறித்துவிடும். மிஞ்சுவது குடை விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் நுழையும் வானவெளிச்சமும், ஈரத் தார்ச்சாலையிலிருந்து எழும்பி வரும் வெளிச்சமும்தான். ஆகவே நெற்றியின் மேல்பகுதி மங்கலாகவும், கன்னத்தின் கீழ்ப்பகுதியும் தாடையும் சற்றுத் தெளிவாகவும் இருக்கட்டும். வழக்கமான உருவப்படத்துக்கு இது நேர் எதிர். இதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் குடையை வரைவதற்கு முன்பே அவர் குடைக்குள் நிற்பது தெரிந்துவிடும்.

இனி முடி. படத்தில் கொண்டை இறுக்கமாக இருக்கிறது, நெற்றியோரத்துச் சின்ன முடிகள் காற்றில் சிலிர்த்து நிற்கின்றன. நனைந்தால் அந்தச் சிலிர்ப்பு போய்விடும். நீரின் பரப்பு இழுவிசை பத்து, இருபது இழைகளைச் சேர்த்து இழுத்து ஒரே கற்றையாக்கிவிடும். எனவே இழை இழையாக வேண்டாம். கற்றைகளாக, அடியில் அகன்று நுனியில் கூராக வரையுங்கள். கற்றைகளுக்கு நடுவே வகிடு அகன்று தலைத்தோல் தெரியும். அவருக்கு இந்த வயதில் நன்றாகவே தெரியும், மறைக்க வேண்டாம். நெற்றியிலும் காதோரத்திலும் இருக்கும் சின்ன முடிகள் பிறை வடிவில் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். கொண்டை ஒரு பக்கமாகத் தொய்ந்து, பிடரியில் ஒரு கற்றை இறங்கி, அதன் நுனியில் விழப்போகும் ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்குள் உலகம் தலைகீழாக இருக்கும்: கீழே வெளிச்சம், மேலே இருட்டு.

அத்தை தினமும் தேங்காய் எண்ணெய் வைப்பவர். எண்ணெய்த் தலையில் தண்ணீர் உடனே ஊறாது. உச்சியில் சில துளிகள், சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும். நரைமுடியை வெள்ளை நிறத்தில் தீட்டிவிடாதீர்கள். நனைந்தால் வெண்மை அடங்கி ஈரச் சணல்போல் ஆகிவிடுகிறது. நேற்று அம்மாவின் தலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முகத்தின் நிறத்தை ஒரு சாயல்கூட வெளுக்கச் செய்ய வேண்டாம். அந்தக் கருநிறத்தில்தான் ஈரத்தின் மினுமினுப்பு எடுபடும். இடக்கண்ணுக்குக் கீழே உள்ள மச்சம், இரண்டு பக்கமும் வெள்ளைக்கல் மூக்குத்தி, மேலுதட்டுச் சுருக்கங்கள் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். எழுபது வயது முகத்தில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஓடாது, சுருக்கங்கள்தான் அதற்கு வாய்க்கால். நெற்றிக் கோடுகளில் தேங்கி, பொட்டோரமாக இறங்கி, மூக்கின் பக்கத்துக் கோடு வழியே வாயோரத்துக்கு வந்து, அங்கிருந்து தாடைக்குப் போகும். ஒரே ஒரு தடம் இப்படி முழுமையாகத் தெரிந்தால் போதும். கண்ணின் நேர் கீழே மட்டும் தண்ணீர்த் தடம் வேண்டாம். பார்ப்பவர் கண்ணீர் என்று நினைத்துவிடுவார்கள். அவர் அழவில்லை. அவருக்கு அதைவிடச் சந்தோஷமான நேரம் வேறு கிடையாது.

துளிகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. துளி என்றதும் கை தானாகவே மேலே இடப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். இந்தப் படத்தில் அது தவறு. ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் குவியாடி. அதன் மேற்பாதியில் தெரிவது கறுப்புக் குடை. ஆகவே மேற்பாதி இருண்டிருக்கும். ஒளிப்புள்ளி வானம் தெரியும் பக்கத்தில், அதாவது நமக்கு இடப்பக்கமாகச் சற்றுக் கீழே இறங்கி இருக்கும். துளிக்குள் நுழைந்த ஒளி வளைந்து எதிர்ப்பக்கத்தில் குவியும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதன் வேலை அது. அதனால் வலப்பக்க உள்விளிம்பில் தோலின் நிறம் சுற்றியிருப்பதைவிடப் பிரகாசமாகி, தேன்போல் ஒளிரும். அதைத் தாண்டி வெளியே நூலளவு நிழல். இருட்டு, கூரிய புள்ளி, ஒளிர்வு, நிழல்: இந்த நான்கும் இருந்தால்தான் துளி தோல்மேல் உட்காரும். இல்லாவிட்டால் முகத்தில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

எல்லாத் துளிக்கும் இத்தனை உழைப்பு தேவையில்லை. ஐந்தாறு துளிகளுக்கு முழுக் கவனம் கொடுங்கள்: மூக்கு நுனி, தாடை, காதுமடல், புருவத்தின் வெளிமுனை, இடக்கன்ன எலும்பின்மேல் இரண்டு. மற்றவை வெறும் மினுக்கமாக இருக்கட்டும். எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியில் துளிகள் சிறிதாகவும் உருண்டையாகவும், கன்னத்தில் சற்றுப் பரவியும் இருக்கும். அளவும் இடைவெளியும் ஒழுங்காக இருக்கவே கூடாது. இமைமயிர் மூன்று நான்காகச் சேர்ந்து முள்போல் கூராகியிருக்கும்.

கண்ணிலும் குடை தெரிய வேண்டும். கருவிழியின் மேற்பகுதி இருட்டு, அதன் கீழ்விளிம்பு குடைவிளிம்பின் வளைவு, அதற்கடியில் மெல்லிய ஒரு வெளிச்சப் பட்டை. மூக்குத்திக் கல்லில் அதே பட்டையின் ஒரு பொறி.

திருநீறு ஒரு சின்ன விஷயம், ஆனால் கவனியுங்கள். படத்தில் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. நனைந்தால் மறைந்ததுபோல் ஆகிவிடும்; ஓரத்தில் மட்டும் சாம்பல் தடம் மிஞ்சும். சேலை மதுரைச் சுங்குடி, அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. துணிக்குள் தண்ணீர் புகுந்ததும் ஒளி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அதனால் அரக்கு கறுப்பை நெருங்கும். வெள்ளைப் புள்ளிகள் மங்கும். தோளில் ஒட்டிய இடத்தில் மடிப்புகள் குறைந்து கனமாக விழும். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். அந்தக் கண்ணியம் அப்படியே இருக்கட்டும்.

குடையின் பிம்பம் ஈரச் சாலையில் தெரிய வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்ததில் என் தவறு புரிந்தது. படம் முழங்கால் வரைதான். அத்தை பிடித்திருக்கும் குடையின் பிம்பம் அவர் காலுக்கும் கீழே, ஏறக்குறைய அவர் உயரத்துக்குத் தள்ளி விழும்; அது நம் சட்டத்துக்குள் வராது. அதனால் பின்னால் தூரத்தில், தெருமுனையில், ஒரே சிவப்புக் குடைக்குள் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வையுங்கள். அவர்கள் குடையின் பிம்பம் சாலையில் விழட்டும். பிம்பத்தில் குடையின் உட்புறமும் கம்பிகளும் நேரில் தெரிவதைவிட அதிகம் தெரியும், ஏனென்றால் தண்ணீர் கீழேயிருந்து பார்க்கிறது. நிறம் நேரிலிருப்பதைவிட ஒரு படி மங்கல். குழியில் தேங்கிய நீரில் தெளிவாகவும், சொரசொரப்பான தாரில் செங்குத்தாக இழுபட்ட சிவப்புக் கோடாகவும் வரட்டும். இரண்டு மூன்று வளையங்கள் அதைக் கலைக்கட்டும். படத்திலேயே சூடான நிறம் அந்தச் சிவப்பு ஒன்றுதான்.

மழைக்கோடுகள் அதிகம் வேண்டாம். குஸ்தாவ் கையெபோத் 1877ல் வரைந்த பாரிஸ் மழைத்தெருவை எனக்கு நீங்கள்தான் முதலில் காட்டினீர்கள். அதில் ஒரு மழைக்கோடு இல்லை. ஈரக் கல்தளமும் குடைகளும்தான் மழையைச் சொல்கின்றன. இங்கேயும் எதிர்வீட்டு இருண்ட வாசலுக்கு முன்னால் மட்டும் நான்கைந்து கோடுகள் தெரிந்தால் போதும்.

முப்பதுக்கு நாற்பது அங்குலம், எண்ணெய் வண்ணம், நீங்கள் சொன்னபடியே. இப்போது ஆடி. புரட்டாசிக் கடைசியில் முடித்தால் ஈரம் காய்ந்து ஐப்பசிக்குக் கொண்டுபோக முடியும். வார்னிஷ் பிறகு வந்து பூசிக்கொள்ளலாம், அவசரம் இல்லை. மூலப்படத்தில் வாய் சற்று இறுகியிருப்பது நான் "அசையாதீங்க அத்தை" என்று சொன்னதால். அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பல் தெரிய வேண்டாம்.

இன்னொன்று. குடைத்துணியின்மேல் நீர் வழிந்தோடுவதுபோல் வரைந்துவிடாதீர்கள். அங்கங்கே சில துளிகள்தான் இருக்க வேண்டும், மடிப்புத் தடங்கள்கூட இன்னும் தெரிய வேண்டும். அவர் அதை இப்போதுதான் விரித்திருக்கிறார்.