மூன்றாம் இயலின் ரிக்ரஷன் முடிவு கருதுகோளுக்கு நேர்மாறாக வந்தது குறித்து

கோயம்புத்தூர்
14.11.2023

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் இயலின் அட்டவணைகளைப் போன வாரமே தந்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. வந்த முடிவை என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து, அதைத் தேடுவதிலேயே பல வாரங்கள் போய்விட்டன. தவறு இருக்கிறது, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை.

"சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய விவசாயி ஆண்டுக்கு மோட்டார் ஓட்டும் நேரம் குறையும்; அதனால் நிலத்தடி நீர் எடுப்பும் குறையும்" என்பது நம் கருதுகோள். முன்வரைவில் கெழு எதிர்க்குறியில் வரும் என்று உறுதியாக எழுதியிருந்தேன். தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு வட்டாரங்களில் எட்டு ஊர்கள், 212 பண்ணைகள். அவற்றில் சொட்டுநீர் போட்டவை 97. ஸ்டேட்டாவில் ஓட்டியது இது:

```
reg lnhours drip lnland hp i.village, vce(robust)
```

`drip` கெழு +0.21, திட்டப் பிழை 0.08. அதாவது ஒரே அளவு சொந்த நிலமும் ஒரே குதிரைத்திறன் மோட்டாரும் உள்ள இருவரில், சொட்டுநீர் போட்டவர்தான் சுமார் 23 சதவீதம் கூடுதல் நேரம் மோட்டார் ஓட்டுகிறார்.

டம்மி மாறியில் 0, 1 இடம் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். 212 படிவங்களையும் தாளில் எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு படிவங்களில்தான் பிழை இருந்தது. திருத்திய பிறகும் கெழு அசையவில்லை. எட்டே ஊர்களை வைத்துக்கொண்டு கிளஸ்டர் திட்டப் பிழையை நம்பாதே என்று நீங்கள் ஏற்கெனவே சொன்னதால் `boottest` கொண்டு, வெப் எடைகளோடு ஓட்டிப் பார்த்தேன். p மதிப்பு 0.04. தற்செயல் என்று தள்ளிவிடவும் வழியில்லை.

பிறகு படிவங்களில் வேறொன்று கண்ணில் பட்டது. சொட்டுநீர் போட்ட 97 பேரில் 61 பேர், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாக போர் போட்டவர்கள் அல்லது இருந்த போரை ஆழப்படுத்தியவர்கள். சொட்டுநீருக்கு வந்தவர்கள் தண்ணீர் வற்றிப்போய் வந்தவர்கள். கிணற்றில் தாராளமாகத் தண்ணீர் இருப்பவர் எதற்கு மானியத்துக்கு அலையப் போகிறார்? ஆக, மாறியவர்களையும் மாறாதவர்களையும் நான் ஒப்பிட்டது, மருத்துவமனையில் இருப்பவர்களையும் வீட்டில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு, "மருந்து சாப்பிட்டால் உடம்பு கெடும்" என்று சொல்வது போல. போரின் ஆழத்தைச் சேர்த்ததும் கெழு 0.12-க்கு இறங்குகிறது (திட்டப் பிழை 0.07). கிட்டத்தட்ட பாதி போனது, குறி மாறவில்லை.

இதோடு நிறுத்தித் "தெரிவுச் சாய்வு" என்று ஒரு பத்தி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தது அதைக் கெடுத்துவிட்டது.

அவருடைய போர் 900 அடிக்கு மேல். கம்ப்ரசர் மோட்டார். விடுபட்ட ஒரு கேள்விக்குப் பதில் வாங்கத்தான் மறுபடி போயிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது; டெலிவரி பைப்பில் தண்ணீர் வருவதும் காற்று வருவதுமாக, இருமுவது போல விட்டுவிட்டு, ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அப்படித் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து இன்னொரு சிறிய மோட்டாரால் சொட்டுநீர்க் குழாய்க்கு விடுகிறார். என் படிவத்தில் அவர் "ஒரு நாளைக்கு 16 மணி நேரம்". வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் பாய்ச்சுகிறவர் "5 மணி நேரம்", ஆனால் அவருக்குக் குழாய் நிறைய வருகிறது. என் ரிக்ரஷனுக்கு முதலாமவர்தான் தண்ணீரை வீணடிப்பவர்!

பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால்தான் மோட்டார் ஓடும் நேரத்தையே தண்ணீரின் அளவாக எடுத்துக்கொண்டோம். முன்வரைவில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டேன். பாறைப் பகுதியில், போருக்குப் போர் ஊற்று மாறுகிற நம் மாவட்டத்தில், நேரம் தண்ணீராகாது. இது முழுக்க என் பிழை.

எனவே மாதிரியிலிருந்து குலுக்கல் முறையில் 46 பண்ணைகளை எடுத்து (சொட்டுநீர் 24, மற்றவை 22), ஒவ்வொரு போரிலும் ஓட்டத்தை நேரடியாக அளந்தேன். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், கைபேசியில் ஸ்டாப்வாட்ச், போருக்கு மூன்று தடவை, சராசரி. மோட்டார் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அளந்தேன். தொடக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் வேகமாக வந்து ஏமாற்றிவிடும். டிரம்மை டிவிஎஸ் பின்னால் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, தண்ணீர் விற்க வந்தவன் என்று ஓர் ஊரில் நினைத்துவிட்டார்கள்.

அந்த 46 பண்ணைகளில், முதலில் ஓட்டிய அதே மாறிகளோடு கிடைத்தவை: மோட்டார் நேரத்தில் சொட்டுநீரின் கெழு +0.19. ஓட்டத்தில் −0.15, அதாவது இவர்கள் போரில் மணிக்கு வரும் தண்ணீரே குறைவு. இரண்டையும் கூட்டினால் பண்ணைக்கு ஆண்டுக்கு எடுக்கும் மொத்த லிட்டரில் +0.04, திட்டப் பிழை 0.11 என்பதால் அது பூஜ்யத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்ல முடியாது. மடக்கைகளை ஒரே மாறிகளின் மேல் ஓட்டியிருப்பதால் இந்தக் கூட்டல் மிச்சமில்லாமல் சரியாக வர வேண்டும். வந்தது. இத்தனை வாரங்களில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

நேரம் கூடியது பெரும்பாலும் ஊற்றுக் குறைவால் என்று விளங்கிவிட்டது. ஆனால் மொத்தத் தண்ணீர் ஏன் குறையவில்லை? அந்த 0.04-ஐ இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம்: ஏக்கருக்கு லிட்டர் −0.27 (திட்டப் பிழை 0.10), பாசனப் பரப்பு +0.31 (திட்டப் பிழை 0.12). ஏக்கருக்கு ஏறக்குறைய கால்பங்கு தண்ணீர் மிச்சமாகியிருக்கிறது. மிச்சமானது பூமிக்குள் தங்கவில்லை, பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் இதைக் கேட்டேன். "மிச்சமான தண்ணிய பேங்க்லயா போட்டு வெக்கறதுங்க தம்பி? கரண்டுக்குக் காசு இல்ல. மேட்டுக்காட்டுல சோளம் போட்டுட்டு இருந்தேன், இப்ப அதுலயும் வாழை வெச்சுட்டேன்" என்றார். மானாவாரிச் சோளம் போன இடத்தில் வாழை. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்; இன்னொரு மணி நேரம் மோட்டார் ஓட்ட அவருக்குச் செலவு இல்லை. அவரைத் தடுத்து வைத்திருந்தது தண்ணீரின் அளவுதான். சொட்டுநீர் அந்தத் தடையைத் தளர்த்தியது, அவர் நகர்ந்தார். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடும் என்று ஜெவன்ஸ் 1865-லேயே சொன்னது இதைத்தான். கான்சாஸில் சிக்கனமான தெளிப்பு முறைக்கு மாறியவர்கள் நிலத்தடி நீரைக் கூடுதலாகவே எடுத்தார்கள் என்று ஃபைஃபரும் லின்னும் 2014-ல் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதலாம் ஆண்டிலேயே நீங்கள் படிக்கத் தந்தீர்கள். படித்தேன், அமெரிக்கப் பெருநிலக்காரர் கதை என்று ஒதுக்கிவிட்டேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாசனப் பரப்பையும் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்தால் குறி நமக்கு வேண்டியபடி எதிர்க்குறிக்கு மாறிவிடுகிறது, புள்ளியியல் பொருளுடைமைக்கான நட்சத்திரமும் கிடைத்துவிடுகிறது. துறை அறையில் ஒரு நண்பர், "அதையே போட்டுவிடு, கருதுகோள் பிழைத்துவிடும்" என்றார். செய்ய மாட்டேன் என்றேன். பரப்பு கூடியதே சொட்டுநீரால் என்னும்போது, பரப்பை நிறுத்தி வைத்து அளப்பது விளைவின் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறுபாதியை மட்டும் காட்டுவதாகும். "ஒரே பரப்பில் சிக்கனம் உண்டா" என்பது நியாயமான கேள்விதான், அதைத் தனி அட்டவணையாகத் தருகிறேன். நாம் கேட்டது நிலத்தடி நீரைப் பற்றி.

அதேபோல, முதலிலிருந்தே பரப்பு விரியும் என்று எதிர்பார்த்தது போலக் கருதுகோளைத் திருத்தி எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. முன்வரைவில் இருந்ததை அப்படியே வைத்து, அது பொய்த்தது என்று எழுதி, அளவையில் நேர்ந்த பிழையையும் பரப்பு விரிவையும் அடுத்தடுத்த பகுதிகளாக வைக்கிறேன். வெளித் தேர்வாளர் "அப்படியானால் உன் முன்வரைவு தவறா?" என்று கேட்பார். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

தெரிவுச் சாய்வு இன்னும் தீரவில்லை. சொட்டுநீருக்கு முந்தைய ஆண்டின் அளவு நம்மிடம் இல்லாததால், பரப்பு +0.31 என்பதிலும் "விரிக்கத் துடிப்பவரே சொட்டுநீர் வாங்குகிறார்" என்ற பங்கு கலந்திருக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்பதால் 5 ஏக்கர் எல்லையில் வெட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஆனால் சிறு விவசாயி சான்றிதழுக்காகப் பட்டாவை மகன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் பிரித்து வைப்பது நான் போன ஊர்களில் சகஜம்; எல்லையிலேயே ஆள் நகர்கிறபோது அந்த முறை நிற்காது. அதைவிட, மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டு இன்னும் குழாய் வராமல் காத்திருப்பவர்களை ஒப்பீட்டுக் குழுவாக்கலாம் என்று படுகிறது. அவர்களும் அதே தண்ணீர்க் கஷ்டத்தில், அதே ஆசையில் இருப்பவர்கள். இந்த எட்டு ஊர்களில் அப்படி 38 பேரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த 38 பேரையும் டிரம்மோடு அளக்க மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாம் இயலை டிசம்பர் கடைசிக்குத் தள்ளலாமா? இன்னொன்று, ஆய்வுத் தலைப்பில் இருக்கும் "நீர்ச் சிக்கனம்" என்ற சொல்லை மாற்ற ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா, அல்லது உட்தலைப்பில் சரிசெய்தால் போதுமா?

தரவும் டூ-ஃபைலும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். திருத்திய இரண்டு படிவங்களின் எண்களையும் அதிலேயே குறித்திருக்கிறேன். வியாழக்கிழமை உங்கள் பத்து மணி வகுப்பு முடிந்ததும் அறைக்கு வந்து காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவன்
அ. செந்தில்குமார்