பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

கீரனூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியம்மாவும் நலமா? பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் "சரிங்க பெரியப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பி.எட். விண்ணப்பத்தைக் கொண்டுவந்து தந்தீர்கள். என் பெயர், அப்பா பெயர், மதிப்பெண் எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே நிரப்பியிருந்தது. திருச்சியிலிருந்து அந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். தாளாளரிடம் பேசி எனக்காக ஒரு இடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு வாரமாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். என்னால் போட முடியவில்லை, பெரியப்பா. மன்னியுங்கள்.

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் எம்.ஏ. படிக்க விரும்புகிறேன்.

ஆசிரியர் வேலையைக் குறைவாக நினைத்து இப்படிச் சொல்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முப்பத்திநாலு வருஷம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் நின்றதால்தான் நம் வீட்டில் நாங்கள் இத்தனை பேர் படித்தோம். என் மூன்று வருஷக் கல்லூரிக் கட்டணத்தில் பாதி உங்கள் பென்ஷன் பணம். அதை நான் மறந்தால் சோறு இறங்காது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டாம் வருஷம் எங்கள் பேராசிரியர் பக்கத்து ஊர்ச் சிவன் கோவிலுக்கு மைப்படி எடுக்க அழைத்துப் போனார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். அப்புறம் மை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும்பி வரும். புள்ளியே இல்லாத எழுத்து. ஒரு வரியைப் படிக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று இருந்தது. யாரோ ஒருவர் கோவிலில் அணையா விளக்கு எரிய ஆடு கொடுத்திருக்கிறார். கிழடு போனாலும் குட்டி வந்து கணக்கு குறையாது என்பதால் அவை சாகாத, மூப்படையாத ஆடுகளாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் கணக்கை நான் விரல் வைத்துப் படித்தேன், பெரியப்பா. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இந்த வருஷம் மறுபடி போனேன். கும்பாபிஷேகத்துக்காக அந்தச் சுவரின் அடிப்பகுதி முழுக்க எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழ் வரிகளை நாங்கள் அன்று படி எடுக்கவில்லை. பக்தியோடு செய்த வேலைதான், யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் அல்லவா? நம் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று எங்கு திரும்பினாலும் கல்லில் எழுத்து. அதைப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

வேலைக்கு என்ன வழி என்ற உங்கள் கவலை நியாயமானது. தொல்லியல் துறையில் பணியிடங்கள் கொஞ்சம்தான், அதை மறைக்கவில்லை. அதனால் எம்.ஏ. படிக்கும்போதே நெட் தேர்வுக்குத் தயாராவேன். அதில் தேறினால் கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி கிடைக்கும், நல்ல மதிப்பெண் வந்தால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் உண்டு. எதுவும் கைகூடாவிட்டால் அப்போது பி.எட். சேர்கிறேன், அந்த வழி மூடிப்போகாது. விடுதியில் தங்கிப் படிக்க அப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் "உன் பெரியப்பாகிட்ட நீயே சொல்லு" என்றார். அதுவும் சரிதான்.

தாளாளரிடம் நீங்கள் தலைகுனிய வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை உறுதி செய்யச் சொல்லியிருந்தார் அல்லவா? நீங்கள் அனுமதித்தால் நானே போனில் அவருக்கு நன்றி சொல்லி, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

உங்களுக்குக் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள், அப்பாவிடம் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். விண்ணப்பத்தையும், அந்த மைப்படியின் போட்டோவையும் எடுத்து வருகிறேன். முதல் வரியில் ஓர் எழுத்து எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் பழைய தமிழ் வாசித்தவர், ஒருமுறை பாருங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் ஆசி வேண்டும்
மலர்விழி