பெரிய மாமாவுக்கு, அந்த மெயில் பற்றி

மதுரை
14.06.2025

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

தடை செய்யப்பட்ட தளத்தைப் பார்த்ததாகச் சொல்லிப் பணம் கேட்டு, கோர்ட் சம்மன் என்ற பெயரில் உங்களுக்கு மெயிலில் வந்த பிடிஎப்பை, ராத்திரி நீங்கள் அனுப்பியதும் முழுசாகப் படித்துவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதிக்கு நீங்களே ஒரு பயத்தைச் சேர்த்துக்கொள்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அத்தை வீட்டில் இருக்கும்போது பேசக் கூச்சப்படுகிறீர்கள் என்பதும் தெரிகிறது.

சிங்க முத்திரை, சிபிஐ முத்திரை, பக்கத்தில் இன்டர்போல் பூகோள உருண்டை, கீழே நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிடிஎப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிங்கத்தின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய படம். கையெழுத்தின் மேல் ஸ்டாம்ப் விழவில்லை, ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்து மிதக்கிறது. அனுப்பியவர் பெயர் "சைபர் க்ரைம் கோர்ட், டெல்லி" என்று இருக்கிறது. அந்தப் பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும்: முடிவில் gmail.com. அரசு அலுவலகங்களின் மெயில் gov.in அல்லது nic.in என்று முடியும். பெயர் இடத்தில் யார் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்துகொள்ளலாம், குடியரசுத் தலைவர் என்றுகூட.

அதற்காக, மெயிலில் வந்தாலே போலி என்று நினைத்துவிடாதீர்கள். அது சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டமான சிஆர்பிசிக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவு, கோர்ட் முத்திரையோ டிஜிட்டல் கையொப்பமோ உள்ள சம்மனை மின்னணு வடிவில் அனுப்ப இடம் தருகிறது. ஆகவே எப்படி வந்தது என்பதைவிட, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சம்மன் என்றால் எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண், எந்தத் தேதியில் வர வேண்டும் என்று இருக்கும். "வா" என்று கூப்பிடுவதற்குத்தான் சம்மன். உங்களுக்கு வந்ததில் வாய்தா தேதியே இல்லை. இருப்பது 48 மணி நேரக் கெடுவும் 84,500 ரூபாயும்தான். இத்தனை வருஷத் தொழிலில், விலைச்சீட்டு ஒட்டிய சம்மனை நான் பார்த்ததில்லை.

வழக்கு எண் என்று ஏதோ போட்டிருக்கிறார்களே என்பீர்கள். கோர்ட்டில் பதிவான வழக்குக்கு சிஎன்ஆர் என்று 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம் ஒன்று இருக்கும். services.ecourts.gov.in தளத்தில் அதைப் போட்டால் எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும். உங்கள் மெயிலில் உள்ளது "CBI/INT/CYB/2025/7719". இந்த மாதிரி எண்ணை எந்தக் கோர்ட்டும் கொடுப்பதில்லை. போதாததற்கு, "சம்மன்" என்று தலைப்பிட்டுவிட்டு அடியில் சிபிஐ இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சம்மன் அனுப்புவது கோர்ட். புலனாய்வு அமைப்பின் தலைவர் கோர்ட்டின் பெயரில் கையெழுத்துப் போடுவதில்லை. (தமிழ்நாடு அரசு 2023 ஜூனிலேயே சிபிஐக்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டது. இங்கே வந்து விசாரிக்க அவர்களுக்கே தனி ஒப்புதலோ கோர்ட் உத்தரவோ வேண்டும். இதை எழுதியவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!)

நான் சிரித்தது இரண்டாம் பக்கத்தில். நீங்கள் 2025 மார்ச்சில் தடை செய்யப்பட்ட தளத்தைப் பார்த்தீர்களாம், அதற்கு "இந்திய தண்டனைச் சட்டம் 292"இன் கீழ் வழக்காம். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1ஆம் தேதியோடு போய்விட்டது மாமா. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குத்தான் இன்னும் அது. 2025இல் நடந்ததாகச் சொல்லும் எதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாதான். பழைய மோசடிக் கடிதத்தை எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், பிரிவை மாற்ற மறந்துவிட்டார்கள். இந்தக் கடிதமும் நம் ஊரில் பிறந்ததில்லை. 2021 வாக்கில் ஐரோப்பாவில், அங்குள்ள போலீஸ் கூட்டமைப்பான யூரோபோலின் தலைவர் பெயரில் இதே சரக்கு சுற்றியது. இங்கே வந்தபோது சிபிஐ, மத்திய அரசின் சைபர் க்ரைம் மையமான ஐ4சி என்று தலைப்பு மட்டும் மாறியது. போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை அறிவித்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். "அப்படி எதையாவது தெரியாமல் தொட்டிருப்பேனோ" என்று எழுதியிருந்தீர்கள். நான் வக்கீல், உங்களை விசாரிக்க வரவில்லை. வயது வந்தவர்கள் நடித்த ஆபாசப் படத்தைத் தன் வீட்டில் தனியாகப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது. வெளியிடுவதும் பரப்புவதும்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் வருகிறது. குழந்தைகள் சம்பந்தப்பட்டது அப்படியல்ல. 67பி பிரிவின்படி அதைத் தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதும்கூடக் குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இந்தச் சட்டத்தை இன்னும் கடுமையாகப் படிக்கச் சொல்லியிருக்கிறது. மோசடிக்காரன் குறிபார்த்து இந்தக் குற்றத்தையே எடுப்பதற்குக் காரணம், பழி வந்தால் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ரிட்டையரான வாத்தியார் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த வெட்கத்தைத்தான் அவன் காசாக்குகிறான்.

அந்தக் கடுமையே அவனைக் காட்டியும் கொடுக்கிறது. 67பி குற்றத்துக்கு முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தையும், குழந்தைக்கு எதிரான குற்றத்தையும் சமரசம் செய்து முடிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 77ஏ பிரிவு சொல்கிறது. நீதிபதியே நினைத்தாலும் முடியாது. ஆனால் உங்கள் மெயிலில், "செட்டில்மென்ட் தொகை செலுத்தினால் கோப்பு மூடப்படும், குடும்பத்தாருக்கும் ஊடகங்களுக்கும் தகவல் போகாது" என்று எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே வழக்கு இருந்தால் 84,500 ரூபாயில் அது முடியாது. முடியும் என்கிறான் என்றால் வழக்கு இல்லை. பணத்தை எங்கே போடச் சொல்கிறான் பாருங்கள்: ஒரு தனிநபர் பெயரில் உள்ள யூபிஐ. அந்தப் பெயருக்குரிய ஆளே வேறு யாராவது ஏமாளியாக இருக்கலாம், கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுகிற வழக்கம் ஏராளம். அபராதத்தைக் கோர்ட் விதிக்கும், கோர்ட்டில் கட்டுவோம், ரசீது தருவார்கள்.

பணம் கட்டியிருந்தாலும் அது முடிந்திருக்காது. அடுத்த வாரம் "கோப்பு மூடும் கட்டணம்" வரும், அப்புறம் "வக்கீல் கட்டணம்". நேற்று காலை வந்த இரண்டாவது மெயிலைப் பாருங்கள். நீங்கள் "நான் ஓய்வூதியக்காரன், அவ்வளவு இல்லை" என்று பதில் போட்டதும் 84,500 என்பது 60,000 ஆகிவிட்டது. எந்தக் கோர்ட் பேரம் பேசுகிறது?

அந்தப் பதிலோடு ஆதார் நகலையும் அனுப்பிவிட்டீர்கள். பதற வேண்டாம், ஆனால் இன்றைக்கே சிலது செய்ய வேண்டும். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். sancharsaathi.gov.in போய் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பென்ஷன் வரும் பேங்கில் மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அவனுக்கு இனி ஒரு வரிகூடப் பதில் வேண்டாம். திட்டியும் எழுதாதீர்கள். போலீஸ் உடையில் யாராவது வாட்ஸ்அப் வீடியோவில் வந்தால் கட் செய்துவிடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போலீஸ் தரும் ஆஜராகும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நிஜமான ஏட்டு என்றால் அம்பாசமுத்திரத்தில் உங்கள் வாசலுக்கே வருவார்.

மெயிலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அடிக்கச் சொல்லியிருப்பேன், நமக்கு அது தேவைப்படவில்லை. புகார் வாசகத்தை எழுதித் தருகிறேன், அப்படியே ஒட்டுங்கள்:

"நான் அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 11.06.2025 அன்று இரவு எனது மின்னஞ்சலுக்கு, டெல்லி சைபர் க்ரைம் நீதிமன்றம், சிபிஐ ஆகியவற்றின் பெயரில் போலி சம்மன் ஒன்று வந்தது. நான் இணையத்தில் குற்றம் செய்ததாகப் பொய்யாகக் குறிப்பிட்டு, 48 மணி நேரத்துக்குள் ரூ.84,500 செலுத்தாவிட்டால் கைது செய்வதாகவும் குடும்பத்தாருக்கும் ஊடகங்களுக்கும் தெரிவிப்பதாகவும் மிரட்டப்பட்டுள்ளது. 13.06.2025 காலை வந்த இரண்டாவது மின்னஞ்சலில் தொகை ரூ.60,000 ஆகக் குறைக்கப்பட்டது. நான் பணம் எதுவும் செலுத்தவில்லை. பயத்தில் எனது ஆதார் நகலை அனுப்பிவிட்டேன். அது தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல என்பதை இப்போதே பதிவு செய்கிறேன். இரண்டு மின்னஞ்சல்கள், இணைப்பு பிடிஎப், அனுப்பியவரின் முகவரி, பணம் கேட்ட யூபிஐ விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் 204, 308, 318, தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66டி ஆகியவற்றின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

204 என்பது அரசு ஊழியராக வேஷம் போடுவது, 308 மிரட்டிப் பறிப்பது, 318 ஏமாற்று, 66டி கம்ப்யூட்டர் வழி ஆள்மாறாட்டம். புகார் எண் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதன் பிரதியோடு திருநெல்வேலி மாவட்ட சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன், திங்கள்கிழமை கோர்ட் முடிந்து கிளம்பினால் ராத்திரிக்குள் வந்துவிடுவேன்.

அப்புறம், அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "குடும்பத்தாருக்குச் சொல்வேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கிற ஒரே ஆயுதம். அத்தைக்குத் தெரிந்துவிட்டால் அவனிடம் மிரட்ட எதுவும் இருக்காது. உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே அவர்களிடம் கொடுங்கள். நான் வருவதால் திங்கள் ராத்திரி சமையலுக்கு ஒரு ஆள் கூட என்றும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கயல்