மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம்: நம் அணிக்கான சொற்பொருள் பட்டியல் (பதிப்பு 3)

118 பக்க மூல ஒப்பந்தம், ஆறு இணைப்புகள், இரண்டாம் திருத்தம் வரை பார்த்துத் தயாரித்தது. ஒப்பந்தத்தில் 74 சொற்களுக்கு வரையறை இருக்கிறது. அத்தனையும் இங்கே இல்லை, நம் வேலையில் இடறியவை மட்டும்தான். அகரவரிசையும் இல்லை, அதிகம் சண்டை வந்த சொல் முதலில்.

ஆங்கில மூலத்தில் வரையறுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். தமிழில் மெயில் எழுதினால் அந்த அடையாளம் போய்விடுகிறது. அதனால் ஒப்பந்தப் பொருளில் சொல்லும்போது ஒற்றை மேற்கோளில் போடுங்கள்: 'ஏற்பு' என்றால் 9.4-இல் உள்ள ஏற்பு. வெறும் ஏற்பு என்றால் அவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

'வேலை நாள்' (1.1, இரண்டாம் திருத்தம் பத்தி 3)
திங்கள் முதல் வெள்ளி வரை, வாடிக்கையாளர் அலுவலகத்தின் விடுமுறைகள் நீங்கலாக. மூலத்தில் நம் விடுமுறைகளும் கழிந்தன. திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பிரதியை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடுங்கள். மாலை 5 மணிக்குப் பிறகு வந்தது அடுத்த 'வேலை நாளில்' வந்ததாகக் கணக்கு. வெறுமனே "நாள்" என்று இருந்தால் சனி, ஞாயிறும் சேர்த்த நாட்காட்டி நாள்.

'ஏற்பு' (9.4)
எழுத்தில் ஒப்புதல் வந்தால் 'ஏற்பு'. ஒப்படைத்ததற்கு மறுநாள் தொடங்கி 10 'வேலை நாள்' வரை பதிலே வராவிட்டாலும் 'ஏற்பு'தான். வெள்ளி மாலை 6 மணிக்கு ஒப்படைத்தால், அது திங்களன்று வந்ததாகக் கணக்கு. எண்ணுவது செவ்வாயில் தொடங்கும். இடையில் விடுமுறை இல்லையென்றால் பத்தாம் நாள், வந்ததாகக் கணக்கான அந்தத் திங்களிலிருந்து இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள். "பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்று மீட்டிங்கில் சொன்னது எதற்கும் கணக்கில்லை. யுஏடி (பயனர் ஏற்புச் சோதனை) முடிந்ததும் 'ஏற்பு' வந்துவிட்டதாக நினைப்பது நம்மிடம் உள்ள பழைய வியாதி.

'நடைமுறை நாள்' (1.1): 1 ஏப்ரல் 2024. கையெழுத்தான நாள் 12 மார்ச். கட்டணம் 'நடைமுறை நாளிலிருந்துதான்' ஓடும். ரகசியக் காப்பு மட்டும் கையெழுத்திலிருந்தே.

'பதில் நேரம்', 'தீர்வு நேரம்' (இணைப்பு 4, பத்தி 2)
முதலாவது, புகார் பதிவானதிலிருந்து ஒரு ஆள் பதில் எழுதும்வரை. தானியங்கி மெயில் பதிலாகாது. இரண்டாவது, பழுது சரியாகும்வரை, அல்லது வேலை ஓடும்படி தற்காலிக வழி கொடுக்கும்வரை. 'முதல்நிலைப் பழுது' என்றால் கடிகாரம் இரவும் பகலும் ஓடும். மற்றவற்றுக்கு 'சேவை நேரம்' மட்டும், அதாவது 'வேலை நாளில்' காலை 9 முதல் மாலை 6 வரை. இரண்டாம்நிலைக்குப் 'பதில் நேரம்' 4 மணி நேரம். வெள்ளி மாலை 4 மணிக்குப் பதிவானால் அன்று இரண்டு மணி, மீதி திங்கள் காலை 11 வரை. (மாலை 5 மணி விதி அறிவிப்புக்கும் ஒப்படைப்புக்கும் மட்டும். புகாருக்குப் பொருந்தாது.)

'இயங்கு விகிதம்' (இணைப்பு 4, பத்தி 5)
மாதத்துக்கு 99.5 சதவீதம். 30 நாள் மாதத்தில் 720 மணி. அதில் முடங்கலாம் என்பது 3 மணி 36 நிமிடம். 'திட்டமிட்ட பராமரிப்பு' நேரம் மொத்தத்திலிருந்தே கழியும், ஆனால் 5 'வேலை நாள்' முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் மட்டும். முந்தைய இரவு மெயில் போட்டுவிட்டுச் செய்த பராமரிப்பு முடக்கம்தான்.

'சேவைக் கழிவு' (இணைப்பு 4, பத்தி 7): விகிதம் குறைந்தால் அடுத்த பில்லில் கழிப்பது. உச்சம் மாதக் கட்டணத்தில் 10 சதவீதம். பணமாகத் திருப்பித் தருவதில்லை. "அபராதம்" என்று நாமே மெயிலில் எழுதாதீர்கள்.

'துணை நிறுவனம்' (1.1): வாக்குரிமைப் பங்கில் 50 சதவீதத்துக்கு மேல் வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும். சரிபாதிக் கூட்டு நிறுவனம் இதில் வராது. அவர்கள் ஆட்களுக்கு லாகின் கொடுக்கும் முன் கேளுங்கள்.

சுருக்கங்கள். எம்எஸ்ஏ: மூல ஒப்பந்தம். எஸ்ஓடபிள்யூ: ஒவ்வொரு வேலைக்குமான பணி விவரம். எஸ்எல்ஏ: இணைப்பு 4 மட்டும், மொத்த ஒப்பந்தம் அல்ல. ஆர்டிஓ: முடங்கினால் எவ்வளவு நேரத்தில் மீள வேண்டும். ஆர்பிஓ: எவ்வளவு நேரத் தரவு போனால் பொறுக்கலாம். சிஆர்: இரு தரப்பும் கையெழுத்திட்ட மாற்றக் கோரிக்கை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: இணைப்பு 2-இல் சிஆர் என்பது கையெழுத்தாகாத கோரிக்கையையும் குறிக்கிறது. 2.3-இன்படி மூல ஒப்பந்தம்தான் இணைப்பை விஞ்சும். கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம்.

வரையறை இல்லாதவை. "கடும் மீறல்" (17.2), "நியாயமான முயற்சி" (ஏழு இடங்களில்). பெரிய விஷயம் தொங்குவது இவற்றில்தான், ஆனால் ஒப்பந்தம் பொருள் சொல்லவில்லை. நாமாக ஒரு அர்த்தம் எழுதி இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. சட்டக் குழுவிடம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை வாடிக்கையாளருக்கு எழுதும் எதிலும் இந்த இரண்டையும் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாம் திருத்தம் கையெழுத்தானால் அடுத்த பதிப்பு வரும். மேலே பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.