மதுரை தமிழ்க் கணிமை மாநாடு: வந்தவங்ககிட்ட சில கேள்விகள்

வணக்கம். போன சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மதுரைக்கு வந்து எங்ககூட இருந்ததுக்கு ரொம்ப நன்றி. பேர் பதிஞ்சவங்க 240 பேர், சனிக்கிழமை காலைல வந்து கையெழுத்துப் போட்டவங்க 186 பேர், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தலையை எண்ணிப் பாத்தப்ப ஹால்ல 97 பேர் இருந்தாங்க. நடுவுல கிளம்பின 89 பேர் ஏன் கிளம்பினாங்க, கடைசி வரைக்கும் இருந்தவங்க எதுக்காக இருந்தாங்க, இந்த ரெண்டும் தெரிஞ்சாத்தான் அடுத்த வருஷம் எங்களால எதையாவது சரியா மாத்த முடியும்.

போன தடவை ஸ்டார் மட்டும் கேட்டோம். எங்க மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் நாலு, அஞ்சுன்னு போட்டுட்டீங்க, அதைக் கையில வச்சுக்கிட்டு ஒரு நாற்காலியைக்கூட இடம் மாத்த முடியல. அதனால இந்த வருஷம் ஸ்டாரே கிடையாது, என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான் கேக்கப்போறோம். பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆகும். பேர் போட வேண்டியதில்ல. தமிழ்லயோ தங்லீஷ்லயோ எப்படி வருதோ அப்படி எழுதுங்க. உங்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியைத் தாண்டிப் போயிடுங்க. வர்ற ஞாயிறு ராத்திரி 10 மணி வரைக்கும் இந்தப் படிவம் திறந்திருக்கும்.

1. நீங்க யாரு?
காலேஜ்ல படிக்கிறேன் / பள்ளிக்கூடத்துலயோ காலேஜ்லயோ பாடம் நடத்துறேன் / அச்சகம், டிடிபி வேலை / மென்பொருள் வேலை / எழுதுறேன், மொழிபெயர்க்கிறேன் / அரசு அலுவலகம் / வேற (சொல்லுங்க)

2. எப்பெல்லாம் ஹால்ல இருந்தீங்க?
சனி காலை / சனி மதியம் / ஞாயிறு காலை / ஞாயிறு மதியம் (இருந்ததையெல்லாம் டிக் பண்ணுங்க)

3. பாதியில கிளம்பியிருந்தா, எதனால?
கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும் / வீட்டுல வேலை / அடுத்த செஷன் எனக்கானது இல்ல / பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு / உக்கார முடியல, புழுக்கம் / வேற
கிளம்பின நேரம் ஞாபகம் இருந்தா அதையும் எழுதுங்க. "மூணு மணி வாக்குல" அப்படின்னு எழுதினாலே போதும், அப்ப மேடையில என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு நாங்க பாத்துக்கிறோம்.

4. நிகழ்ச்சி நிரல் தாளை எடுத்துப் பாக்காம சொல்லுங்க, இப்ப உங்க ஞாபகத்துல நிக்கிற மூணு விஷயம் என்ன?
மேடையில கேட்டதா இருக்கணும்னு இல்ல. டீ குடிக்கிறப்ப பக்கத்துல நின்னவர் சொன்னதா இருந்தாலும் சரி. மூணு வரலைன்னா ஒண்ணு எழுதுங்க, ஒண்ணும் வரலைன்னா "ஒண்ணுமில்ல"ன்னே எழுதுங்க, அந்தப் பதிலும் எங்களுக்கு வேணும்.

5. வீட்டுக்குப் போன பிறகு இதுல எதையாவது பண்ணீங்களா?
விக்கிமூலத்துல ஒரு பக்கமாவது மெய்ப்பு பாத்தேன் / ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல எங்க ஊர்ல ஏதாவது சேத்தேன் / காமன் வாய்ஸ்ல குரல் பதிஞ்சேன் / தமிழ்99ல தட்டிப் பழக ஆரம்பிச்சேன் / பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாத்திப் பாத்தேன் / இன்னும் எதுவும் பண்ணல
"எதுவும் பண்ணல"ன்னா, எங்க முட்டுச்சு? நேரமா, லேப்டாப்பா, பாதியில மறந்துபோச்சா, இல்ல கேக்குறதுக்கு ஆள் இல்லையா? இந்த மொத்தப் படிவத்துலயும் நாங்க முதல்ல படிக்கப்போறது இந்தப் பதிலைத்தான். ரெண்டு நாள் கேட்டுட்டுப் போனவர் வீட்டுல தனியா உக்காந்து அதைச் செய்ய முடியலைன்னா, நாங்க சொல்லிக்குடுத்த விதத்துலதான் மாத்தம் வேணும்.

6. விக்கிமூலம் பயிற்சியில இருந்தவங்களுக்கு
ஸ்கேன் பண்ணின பழைய புத்தகத்துப் பக்கத்தை எழுத்துணரி படிச்சுக் குடுத்ததையும், அதைத் திருத்தினதும் பக்கம் மஞ்சளாகி, இன்னொருத்தர் சரிபாத்த பிறகுதான் பச்சையாகும்கிறதையும் காட்டினோம். உங்க கையால ஒரு பக்கத்தை மஞ்சள் வரைக்கும் கொண்டுவந்தீங்களா?
கொண்டுவந்தேன் / பாதியில நேரம் முடிஞ்சிருச்சு / கணக்கே தொடங்க முடியல / நெட் கிடைக்கல / பக்கத்துல இருந்தவர் பண்ணினதைப் பாத்தேன்
அன்னிக்கு ஒரே நேரத்துல அறுபது லேப்டாப் வைஃபைல ஏறி, முக்கால் மணி நேரம் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தது எங்களுக்குத் தெரியும், அதுக்கு மன்னிச்சிருங்க. அந்த முக்கால் மணி நேரத்துல நீங்க என்ன பண்ணீங்க?

7. யூனிகோடு செஷன் பத்தி
திரையில இந்த ஒரு வரியை ஓட்டிக் காட்டினோம்:

```python
print(len("தமிழ்"))
```

கண்ணுக்கு மூணு எழுத்து, விடை 5ன்னு வந்துச்சு. ஏன் 5ன்னு இப்ப உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல முடியுமா?
சொல்லிருவேன் / அப்ப புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்ப சொல்ல வராது / அப்பவே புரியல / இது எனக்கு முன்னாடியே தெரியும், அந்த நேரத்துல வேற சொல்லியிருக்கலாம்
(இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல, எங்களுக்கு வைக்கிற பரீட்சை.)

8. அச்சகம், டிடிபி ஆட்களுக்கு மட்டும்
"கொ"வுல ககரத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற கொம்பையும் காலையும் ஒரே குறியீடாத் தட்டினதும், தனித்தனியாச் சேத்துத் தட்டினதும் பாக்க ஒண்ணா இருந்தாலும் சில மென்பொருள்ல தேடினா ஒண்ணு சிக்குது, இன்னொண்ணு சிக்க மாட்டேங்குதுன்னு காட்டினப்ப, பின்வரிசையில இருந்து ஒரு அண்ணன் "இதைத்தான் பத்து வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன்"னு எழுந்தே நின்னுட்டாரு. நேரம் ஆச்சுன்னு அடுத்த பேச்சுக்குப் போயிட்டோம், அவர் கேள்வியை முழுசாக் கேக்க விட்டிருக்கணும், அது எங்க தப்பு. உங்க கடையில பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல இன்னும் எவ்வளவு ஃபைல் கிடக்கு, எதை மாத்தறப்ப ரொம்பக் கஷ்டம், அடுத்த வருஷம் உங்க ஃபைலையே கொண்டுவந்து மாத்திப் பாக்கிற மாதிரி அரை நாள் வச்சா வருவீங்களா? எவ்வளவு நீளமா வேணாலும் எழுதுங்க.

9. தெப்பக்குளத்தைச் சுத்தி வரைபடம் போட நடந்தவங்களுக்கு
எத்தனை கடை, எத்தனை தெரு சேத்தீங்க? `name:ta`ல தமிழ்ப் பேர் போடுறப்ப எந்தப் பேர்ல குழப்பம் வந்துச்சு? போர்டுல ஒண்ணு, சனங்க வாய்ல ஒண்ணுன்னு இருந்தப்ப எதைப் போட்டீங்க? வெயில்ல ரெண்டு மணி நேரம் நடந்தது அதிகமா?

10. எந்தப் பேச்சை நீங்க நடத்தியிருந்தா சுருக்கியிருப்பீங்க?
பேச்சாளர் பேரை எழுதலாம், நாங்க வெளியில சொல்ல மாட்டோம். "நல்லா இல்ல"ன்னு மட்டும் சொல்லாம எந்த இடத்துல கவனம் போச்சுன்னு சொல்லுங்க, அதைத்தான் அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்ல முடியும்.

11. பேச்சுகள்ல தமிழ் எப்படி இருந்துச்சு?
சரளமாப் புரிஞ்சுது / கலைச்சொல் அதிகம், பாதி புரியல / இங்கிலீஷ் அதிகம் / எனக்கு எப்படி இருந்தாலும் சரிதான்
புரியாம நின்ன சொல் ஒண்ணு ரெண்டு எழுதுங்க.

12. புதுசா யாரோட பழக்கம் ஆச்சு?
யாரும் இல்ல / ஒருத்தர் ரெண்டு பேர் / நிறைய பேர்
அவங்களோட அதுக்கப்புறம் பேசினீங்களா? தனியா வந்தவங்க சாப்பாட்டு நேரத்துல தனியாவே சாப்பிட்டுட்டுப் போனதை நாங்களே பாத்தோம், என்ன செஞ்சிருந்தா உங்களுக்கு எளிசா இருந்திருக்கும்?

13. இடம், சாப்பாடு, போக்குவரத்து
மாட்டுத்தாவணியில இறங்கி ஹாலுக்கு வர்றதுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு ஆச்சு? சாப்பாட்டு வரிசையில எத்தனை நிமிஷம் நின்னீங்க? பின்வரிசைக்கு மைக் கேட்டுச்சா? சார்ஜ் போட பிளக் கிடைச்சுதா? ரெண்டாவது மாடி ஏற முடியாம கீழயே இருந்துட்டவங்க யாராவது இருந்தா கண்டிப்பாச் சொல்லுங்க, லிஃப்ட் வேலை செய்யாதுன்னு எங்களுக்கு அன்னிக்குக் காலைலதான் தெரியும், அடுத்த தடவை கீழ்த்தளம் கிடைக்கிற இடத்தைத்தான் பாப்போம்.

14. பெண்களுக்கு
கழிப்பறை அடுத்த கட்டடத்துல இருந்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த வழியில வெளிச்சம் இல்லைன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. வேற என்ன சிரமம் இருந்துச்சு? குழந்தையோட வந்தவங்களுக்கு ஒரு தனி அறையும் பாத்துக்க ஒரு ஆளும் இருந்தா ரெண்டு நாளும் இருந்திருப்பீங்களா? யாராவது முகம் சுளிக்கிற மாதிரி நடந்துக்கிட்டாங்களா? இந்தக் கேள்விக்கு வர்ற பதிலை எங்க குழுவுல இருக்கிற ரெண்டு பெண்கள் மட்டும்தான் பாப்பாங்க.

15. காசு பத்தலைன்னா எதை வெட்டலாம்?
நுழைவுக் கட்டணம் 200 ரூபாய், மாணவர்களுக்கு 100, அது சாப்பாட்டுச் செலவுக்கே சரியாப் போச்சு, மீதியை நன்கொடையில சமாளிச்சோம். இதுல ரெண்டை மட்டும் எடுத்துடணும்னா எதை எடுப்பீங்க?
துணிப்பை, பேனா / நினைவுப் பரிசு, பொன்னாடை / ரெண்டாம் நாள் / வெளியூர்ப் பேச்சாளரோட பயணச் செலவு / மதியச் சாப்பாடு / வீடியோ பதிவு
எதை எடுத்தா நீங்க வரவே மாட்டீங்க?

16. அடுத்த வருஷம் எப்ப, எங்க?
தீபாவளிக்கு முன்னாடி / கார்த்திகை வாக்குல / பொங்கல் கழிச்சு / பரீட்சை முடிஞ்சு மே மாசம்
மதுரையிலயே / திருச்சி / திருநெல்வேலி / கோயம்புத்தூர் / வேற ஊர்
உங்க ஊர்ல நடத்தலாம்னா அங்க ஹால் பாத்துக் குடுக்க ஆள் இருக்கா?

17. யாரை அங்க பாக்கணும்னு எதிர்பாத்து, பாக்க முடியல?
ஆள் பேரும் சொல்லலாம், "எங்க ஊர் நூலகர்", "தட்டச்சுப் பயிற்சி நடத்துறவங்க" இப்படியும் சொல்லலாம்.

18. உங்க ஃபிரெண்டு ஒருத்தரை அடுத்த வருஷம் கூட்டிட்டு வர்றதா இருந்தா, போன்ல அவர்கிட்ட என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?
கூட்டிட்டு வர மாட்டீங்கன்னா, ஏன்?

19. உங்க பதிலைப் பத்தி இன்னும் கேக்கணும்னா போன்ல கூப்பிடலாமா?
வேண்டாம் / கூப்பிடலாம் (நம்பரும், எத்தனை மணிக்குப் பேசினா வசதின்னும் எழுதுங்க)

எல்லாப் பதிலையும் அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை குழுக் கூட்டத்துல சத்தமா வாசிக்கப்போறோம், 14ஆவது கேள்வி மட்டும் அதுல வராது. எதை மாத்தப்போறோம், எதை மாத்த முடியல, ஏன் முடியலன்னு பேர் பதிஞ்ச 240 பேருக்கும் அதுக்கடுத்த வாரம் மெயில் வரும்.

அனுப்பு