Jw_cad-இல் 包絡 என்ற பட்டன் என்ன செய்கிறது? (ஸ்கிரீன்ஷாட் விளக்கத்துடன்)

ஜப்பானிய மர வீடு ஒன்றின் தரைத்தள வரைபடம் .jww கோப்பாக வந்திருக்கிறது. திருத்திய பிறகு அதே .jww-ஆகத்தான் திருப்பித் தர வேண்டும். DXF ஆக்கி ஆட்டோகேடில் முடிக்கச் சொல்லாதீர்கள். Jw_cad-இல் 16 லேயர் குழுக்கள், ஒவ்வொன்றிலும் 16 லேயர், குழுவுக்குக் குழு தனி ஸ்கேல். DXF-இல் அப்படி ஒரு அமைப்பே கிடையாது, போய்த் திரும்பினால் எல்லாம் குலைந்துவிடும்.

படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கும் பட்டனைப் பற்றித்தான் கேள்வி. இடப்பக்கக் கருவிப்பட்டையில் 包絡 என்று இருக்கிறது. மேல் மெனுவில் [編集(E)] திறந்தால் 包絡処理 என்று வருவதும் இதேதான். அழுத்தியதும் மெனுவுக்குக் கீழே உள்ள பட்டையில் ஐந்து டிக் பெட்டிகள் தெரிகின்றன: 実線, 点線, 鎖線, 補助線, 建具線端点と包絡. முதல் பெட்டியில் மட்டும் டிக் இருக்கிறது. முதல் நான்கும் கோட்டு வகைகள்: முழுக்கோடு, புள்ளிக்கோடு, சங்கிலிக்கோடு, துணைக்கோடு. ஐந்தாவதுதான் பிடிபடவில்லை. சாளரத்தின் அடியில் வரும் செய்தி வரி படத்தில் டாஸ்க்பாருக்குப் பின்னால் மறைந்துவிட்டது, மன்னிக்கவும்.

நடுவில் தெரிவது 910 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக்கோட்டு அச்சுகள். அவற்றின் மேல் 2線 கட்டளையில் 60,60 கொடுத்து வரைந்த 120 மி.மீ. சுவர்கள். சுவர்கள் சந்திக்கும் மூன்று இடங்களுக்கு A, B, C எனப் பெயரிட்டிருக்கிறேன்.

A-இல் இரண்டு சுவர்கள் கூட்டல் குறி போல வெட்டுகின்றன. சந்திப்பைச் சுற்றி இடது கிளிக்கில் தொடங்கி இடது கிளிக்கிலேயே பெட்டியை மூடினால், உள்ளே குறுக்கே ஓடிய நான்கு துண்டுகளும் போய் நான்கு மூலைகளும் சுத்தமாகிவிடுகின்றன. ஆட்டோகேடில் நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாக TRIM அடித்திருக்க வேண்டிய வேலை. அச்சுக்கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, 鎖線 பெட்டியில் டிக் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

B-இல் பெட்டி எதுவரை போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு சுவரின் நுனி பெட்டிக்குள் விழுந்தால் அந்தக் கை மறைந்து T ஆகிறது. இரண்டு நுனிகள் விழுந்தால் L. நுனி வெளியே இருந்தால் கை அப்படியே நிற்கிறது. ஆக, பெட்டியின் ஓரத்தைக் கோடு கடக்கிறதா என்பதை வைத்தே இது முடிவெடுக்கிறது என்று ஊகிக்கிறேன். சரிதானா?

C-தான் சிக்கல். பார்வைக்கு A மாதிரியேதான், ஆனால் பெட்டி போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. 属取 போட்டு இரண்டு சுவர்களையும் கிளிக் செய்து பார்த்ததில் ஒன்று லேயர் 1-இலும் மற்றது லேயர் 2-இலும் இருக்கின்றன. கோட்டு நிறமும் வகையும் ஒன்றுதான். வலது ஓரத்தில் லேயர் எண்களைப் பாருங்கள், இரண்டுக்கும் வட்டம் இருக்கிறது, அதனால் ‘பார்க்க மட்டும்’ நிலையில் இல்லை. கோப்பின் நகலில் இரண்டையும் ஒரே லேயருக்கு மாற்றியதும் வேலை செய்தது. ஆனால் அசலில் அப்படி மாற்ற முடியாது. பழைய சுவர் ஒரு லேயர், புதிய சுவர் இன்னொன்று என்பது அனுப்பியவர்கள் வகுத்த விதி. லேயரை மாற்றாமலே இணைக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் コーナー, 伸縮 இரண்டையும் வைத்துக் கையால்தான் முடிக்க வேண்டும்.

இன்னொன்று: பெட்டியை வலது கிளிக்கில் மூடினால் வேறு ஏதோ நடக்கிறது. சுவருக்குக் குறுக்கே இரண்டு சிறு கோடுகள் போட்டு அவற்றைச் சுற்றிப் பெட்டி இழுத்தேன், இடையில் இருந்த சுவர்க்கோடுகள் மட்டும் அழிந்து கதவு வைக்கிற திறப்பு மாதிரி ஆகிவிட்டது. உபயோகமான விஷயம்தான். ஆனால் இந்த மென்பொருளில் புள்ளியைப் பிடிக்க வலது கிளிக் என்று விரல் பழகிவிடுவதால், தவறிப்போய் சுவர் காணாமல் போகும் ஆபத்து இருக்கிறது. Esc அழுத்தினால் திரும்பி வருகிறது. நூறு சந்திப்புகள் உள்ள தாளில் ஒன்று கண்ணில் படாமல் போனால்?

கடைசியாக, அந்த ஐந்தாவது பெட்டிக்கு டிக் வைத்தால் ஜன்னல், கதவுக் குறியீட்டின் நுனியில் சுவர்க்கோடு போய் ஒட்டிக்கொள்ளுமா? 建具平面 மூலம் வைத்தவற்றுக்கு மட்டும்தானா, சாதாரணக் கோட்டில் வரைந்த ஜன்னலுக்கும் பொருந்துமா? இந்த வரைபடத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. வளைந்த சுவர் ஒன்றும் இருக்கிறது, வில்கோடுகளை இந்தக் கட்டளை தொடவே இல்லை. அது இயல்பா, எங்காவது அமைப்பு மாற்ற வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.