ரிப்போர்ட்டை ஏன் முதல்ல வெளிய எடுக்குறோம்

எல்லாரும் வந்தாச்சா, சரி ஆரம்பிச்சிடலாம். ஒரே அப்ளிகேஷனா ஓடுற நம்ம பஸ் டிக்கெட் சிஸ்டத்த ஏன் தனித்தனி சர்வீஸா பிரிக்கணும், அதுல ரிப்போர்ட் ஏன் முதல்ல வெளிய வருதுன்னுதான் இன்னைக்கு பேச்சு. ஸ்லைடு எதுவும் இல்ல, பேசிட்டே போறேன், நடுவுல கேள்வி வந்தா நிறுத்துங்க.

பொங்கல் டிக்கெட் ஓபன் ஆன அன்னைக்கு காலைல என்ன ஆச்சுன்னு இங்க பாதி பேருக்கு தெரியும், புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன். ஒரு பஸ் ஆபரேட்டர் ஒரு வருஷ வசூல் ரிப்போர்ட்ட எக்செல்ல டவுன்லோட் பண்ணாரு, அவர் மேல தப்பே இல்ல, நாமதான் பட்டன் வச்சிருக்கோம். நம்ம கோடு `XSSFWorkbook`ல முழு ஷீட்டையும் மெமரில கட்டிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல லாக்ல இது வந்துச்சு:

```
java.lang.OutOfMemoryError: Java heap space
```

நம்ம அப்ளிகேஷன ஒரே மாதிரி பல காப்பியா ஓட விட்டிருக்கோம், ஒவ்வொரு காப்பியும் ஒரு பாட். அந்த பாட் செத்துச்சு, அதுல பேமென்ட் பக்கத்துல நின்னுட்டு இருந்தவங்க எல்லாரும் அப்படியே தொங்கினாங்க. ஆபரேட்டர் சும்மா இருப்பாரா, டவுன்லோட் வரலன்னு திரும்ப அமுக்கினாரு, அடுத்த பாட். சரி பாட் பத்தலன்னு நெனச்சு 8ல இருந்து 14 ஆக்கினோம், அங்கதான் மாட்டிக்கிட்டோம். ஒவ்வொரு பாட்டும் டேட்டாபேஸுக்கு 40 கனெக்‌ஷன் பிடிக்குது, 14 பெருக்கல் 40, 560. போஸ்ட்கிரெஸ்ல நாம வச்சிருந்த லிமிட் 500.

```
FATAL: sorry, too many clients already
```

காப்பாத்த போட்ட பாட்டுங்களே டேட்டாபேஸ் வாசல அடைச்சிடுச்சு. ஊருக்கு போக டிக்கெட் எடுக்க விடியக்காலைல எழுந்து உக்காந்தவங்களுக்கு சீட் கிடைக்கல, அது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது.

நேத்து ஒருத்தர் கேட்டீங்க, `SXSSFWorkbook`க்கு மாத்தினா வரிசைய டிஸ்க்ல தள்ளிடும், மெமரி ஏறாது, அப்புறம் எதுக்கு சர்வீஸா பிரிக்கணும்னு. நியாயமான கேள்வி. அத மாத்தியாச்சு, போன வாரமே போயிடுச்சு. ஆனா ரிப்போர்ட், கூப்பன், எஸ்எம்எஸ், சீட் லாக் எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள ஒரே அடுப்புல இருக்கு, இன்னைக்கு எக்செல்ல பிரச்சனை, நாளைக்கு யாரோ எழுதுற கூப்பன் லூப்ல வரும். யார் தப்பு பண்ணாலும் டிக்கெட் விக்கிறது நிக்கக்கூடாது, அதுதான் நான் பிரிக்கணும்னு சொல்றதுக்கு முதல் காரணம்.

ரெண்டாவது ரிலீஸ். எஸ்எம்எஸ்ல ஒரு வார்த்தை மாத்தணும்னா கூட மொத்த பில்டும் ஓடணும், டெஸ்டிங் டீம் புக்கிங்க முழுசா திரும்ப பாக்கணும், வியாழக்கிழமை நைட் வரைக்கும் காத்திருக்கணும். அவங்க வியாழக்கிழமைல நேரத்துக்கு வீட்டுக்கு போயி எவ்ளோ நாளாச்சு.

வேகம் கூடும்னு நெனச்சு யாராவது வந்திருந்தா, இல்ல, கூடாது. இப்ப ஒரு மெத்தட் கால், நாளைக்கு அது நெட்வொர்க் கால், டைம்அவுட் வரும், ரீட்ரை வரும், ஒரே மெசேஜ் ரெண்டு தடவ வரும், அதையெல்லாம் நாமதான் பாத்துக்கணும். அமேசான் பிரைம் வீடியோல ஒரு டீம் வீடியோ தரத்த கண்காணிக்கிற சிஸ்டத்த துண்டு துண்டா கட்டி வச்சிருந்து, அத திரும்ப ஒண்ணா சேத்ததுல செலவு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுன்னு 2023ல அவங்களே எழுதினாங்க. அதனால கண்ணுல படுறதையெல்லாம் வெட்ட மாட்டோம்.

சீட் லாக், புக்கிங், வாலட்ல காசு கழிக்கிறது, இந்த மூணும் ஒண்ணாவே இருக்கும். இப்ப ஒரே கமிட்ல போகுது, ஒண்ணு விழுந்தா மூணும் ரோல்பேக் ஆகுது. பிரிச்சா காசு போயிருக்கும் சீட் வந்திருக்காது, அந்த போன் கால எடுக்கப்போறது கஸ்டமர் கேர்ல இருக்குற பொண்ணுங்கதான். அத நான் தொட விடமாட்டேன்.

ரிப்போர்ட்டு முதல்ல வெளிய வருது. ஆனா தனி பாட்ல போட்டுட்டு அதே புக்கிங் டேபிள்ல போய் ஜாயின் போட்டா அது பிரிச்சதே இல்ல, நாளைக்கு அந்த டேபிள்ல ஒரு ஃபீல்டு பேர் மாத்தினா ரெண்டும் உடையும். அதனால புக்கிங் கமிட் ஆகும்போதே அதே டிரான்சாக்‌ஷன்ல அவுட்பாக்ஸ்னு ஒரு டேபிள்ல ஒரு வரி எழுதிடுவோம், அங்கிருந்து மெசேஜ வாங்கி அடுத்த சர்வீஸுக்கு கடத்துற காஃப்காவுக்கு போகும், அத படிச்சு ரிப்போர்ட் தன்னோட டேபிள தானே கட்டிக்கும். சில செகண்ட் லேட்டா தெரியும், ஆபரேட்டருக்கு அது போதும்னு பேசிட்டேன்.

எவ்ளோ நாள் ஆகும்னு கேக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், கேளுங்க. நெட்ஃபிளிக்ஸ்ல 2008ல டேட்டாபேஸ் கெட்டுப்போயி மூணு நாள் டிவிடி அனுப்ப முடியாம போனதுக்கு அப்புறம்தான் மாற ஆரம்பிச்சாங்க, முடிச்சது 2016 ஜனவரி. நமக்கு அவ்ளோ பெரிய வேலை இல்ல, ரிப்போர்ட்டுக்கு மூணு மாசம், பழைய பட்டனும் புதுசும் ஒரு மாசம் பக்கத்துல பக்கத்துல ஓடும், ரெண்டு தொகையும் பைசா சுத்தமா ஒத்து வந்தாதான் பழசு போகும்.

அவுட்பாக்ஸ் டேபிள யார் எடுக்குறீங்க? திங்கக்கிழமை உக்காந்து ஸ்கீமா போடலாம்.